ஒரே மாடல் வைத்திருக்கும் நண்பரிடம் என்ன கேட்பது?

புது வண்டி வாங்கப்போகிறவர், அதே மாடலை ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கும் நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தி பெரும்பாலும் ஒரே வரிதான்: “வண்டி எப்படி இருக்கு?” பதிலும் ஒரே வரியில் வரும்: “சூப்பரா இருக்கு, தாராளமா எடு.” இந்தப் பதிலில் பொய் ஏதும் இல்லை. ஆனால் வாங்கப்போகிறவருக்கு உதவும் தகவலும் இல்லை. மாதம் என்ன செலவாகும், எது எரிச்சலூட்டும் என்ற இரண்டுக்கும் விடை வேண்டுமானால், கேள்வியை வேறு மாதிரி அமைக்க வேண்டும். இன்று தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட விசாரிப்பு அதிகம் நடப்பது மின்சார ஸ்கூட்டர் விஷயத்தில் என்பதால், அதையே எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

பொதுவான கேள்விக்குப் புகழ்ச்சியே பதிலாக வருவதற்கு ஒரு காரணம் உண்டு. 1956இல் ஜாக் பிரெம் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். பெண்கள் சிலரிடம் ரொட்டி வாட்டும் கருவி, ரேடியோ போன்ற எட்டு வீட்டுப் பொருள்களைக் காட்டி, ஒவ்வொன்றும் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று மதிப்பிடச் சொன்னார். பிறகு அவற்றில் இரண்டைக் காட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மதிப்பிடச் சொன்னபோது, தேர்ந்தெடுத்த பொருளின் மதிப்பு ஏறியிருந்தது. விட்ட பொருளின் மதிப்பு இறங்கியிருந்தது. பொருளில் எந்த மாற்றமும் இல்லை; அது தன்னுடையதாகிவிட்டது என்பது மட்டுமே மாற்றம். ஒரு லட்சத்துக்கு மேல் போட்டு வண்டி எடுத்தவருக்கு இந்தச் சாய்வு இல்லாமல் இருக்காது. அதனால் அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்காமல், அவர் கண்ணால் பார்த்து எழுதி அனுப்பக்கூடிய எண்களையும், நடந்த சம்பவங்களையும் கேட்பதே பயன் தரும். ஓடோமீட்டருக்கு இந்தச் சாய்வு கிடையாது.

இன்னொரு சிக்கல், ‘ஒரே மாடல்’ என்பதிலேயே இருக்கிறது. பெட்ரோல் ஸ்கூட்டரில் பெயர் ஒன்றானால் எஞ்சினும் அநேகமாக ஒன்றுதான். மின்சார ஸ்கூட்டரில் அப்படியில்லை. ஒரே பெயரில் இரண்டு கிலோவாட் மணி சொச்சம் கொள்ளும் பேட்டரியும் இருக்கும், ஐந்துக்கு மேல் கொள்ளும் பேட்டரியும் இருக்கும். வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. தயாரித்த ஆண்டும் முக்கியம். 2022இல் நாட்டின் பல இடங்களில் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்ததையடுத்து, பேட்டரிப் பாதுகாப்புக்கான விதிகளை மத்திய அரசு கடுமையாக்கி, அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து இரண்டு கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய வண்டியும் பிந்தைய வண்டியும் பெயரளவில் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பேட்டரிப் பெட்டி வேறாக இருக்கலாம். எனவே செய்தியின் முதல் கேள்வி, நண்பரிடம் இருப்பது உண்மையில் அதே வண்டிதானா என்பதாக இருக்க வேண்டும்.

அவர் கொடுத்த விலையை மட்டும் கேட்க வேண்டியதில்லை. மத்திய அரசின் மானியம் 2021 ஜூனில் ஒரு கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாயாக உயர்ந்தது. 2023 ஜூனில் 10,000 ஆகக் குறைந்தது. அடுத்து வந்த திட்டங்களில் மேலும் இறங்கியது. 2022இல் வாங்கியவர் கொடுத்த தொகை, இன்று வாங்குகிறவருக்கு வயிற்றெரிச்சலைத் தவிர வேறெதையும் தராது.

மதுரையில் இருக்கும் இரண்டு நண்பர்களை வைத்துக்கொள்வோம். ஒருவர் மூன்று கிலோவாட் மணி பேட்டரி கொண்ட ஸ்கூட்டரை இரண்டு ஆண்டுகளாக ஓட்டுகிறார். மற்றவர் அதையே வாங்க நினைக்கிறார். அவர் அனுப்பும் செய்தி இப்படி அமையலாம்:

“மாப்ள, உன் ஸ்கூட்டரையே எடுக்கலாம்னு இருக்கேன். நல்லா இருக்கா இல்லையான்னு கேக்கல, கொஞ்சம் நம்பர் மட்டும் வேணும். அவசரம் இல்ல, சும்மா இருக்கும்போது அனுப்பு.

உன்னோடது எந்த வருஷம் எந்த மாசம் தயாரிச்சது, பேட்டரி எவ்வளவுன்னு பில்லைப் பாத்துச் சொல்லு. இதுவரைக்கும் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?

அடுத்த தடவை சார்ஜ்ல இருந்து எடுத்ததும் டிஸ்பிளேயை ஒரு போட்டோ எடு. மறுபடி சார்ஜ் போடுறதுக்கு முன்னாடி இன்னொண்ணு எடு. சார்ஜ் பர்சன்டும் ஓடோமீட்டரும் தெரியணும். எந்த மோட்ல ஓட்டுன, பின்னாடி ஆள் இருந்துச்சான்னும் சொல்லு. சார்ஜ் முழுக்க வீட்லதானா, ஆபீஸ்லயும் போடுறியா?

வண்டி வாங்குறதுக்கு முன்னாடி கரண்ட் எத்தனை யூனிட் ஓடுச்சு, இப்ப எத்தனை ஓடுது?

போன ஒரு வருஷத்துல வண்டிக்காகக் கையை விட்டுப் போன காசு என்னென்ன? சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ், ஆப்புக்குக் கட்டுனது எல்லாம்.

கடைசியா வண்டி உன்னை நடுரோட்ல நிப்பாட்டுனது எப்ப? என்ன ஆச்சு? சர்வீஸுக்கு விட்டா எத்தனை நாள்ல கைக்கு வருது?

தங்கச்சியும் ஓட்டுதுல்ல, அது என்ன குறை சொல்லுது? நீ மறுபடி வாங்குனா எதை மாத்தி எடுப்ப?”

கொஞ்சம் நீளமான செய்திதான். ஆனால் இதில் எந்தக் கேள்விக்கும் “சூப்பர்” என்று பதில் சொல்ல முடியாது.

போட்டோ கேட்பது ஏன் என்பதைச் சற்று விளக்க வேண்டும். “ஒரு சார்ஜுக்கு எவ்வளவு போகும்?” என்று கேட்டால், பெரும்பாலான உரிமையாளர்கள் ஞாபகத்திலிருந்து ஒரு உருண்டை எண்ணைச் சொல்வார்கள். அது ஒரு தடவை நெடுஞ்சாலையில் மெதுவாக ஓட்டியபோது கிடைத்த எண்ணாக இருக்கலாம். விளம்பரத்தில் படித்ததாகவும் இருக்கலாம். தவிர, யாரும் நூறிலிருந்து பூஜ்யம் வரை ஓட்டுவதில்லை. இருபது, இருபத்தைந்து சதவீதம் வந்ததுமே சார்ஜரைத் தேடுவார்கள். அதனால் அவர்களுக்கே முழு சார்ஜின் தூரம் சரியாகத் தெரியாது. இரண்டு போட்டோக்கள் இருந்தால் கணக்கைக் கேட்பவரே போட்டுக்கொள்ளலாம்.

நண்பர் அனுப்பிய முதல் போட்டோவில் 90 சதவீதம், இரண்டாவதில் 25 சதவீதம், இடையில் ஓடியது 58 கிலோமீட்டர் என்று கொள்வோம். செலவானது 65 சதவீதம். மூன்று கிலோவாட் மணியில் 65 சதவீதம் என்பது 1.95. ஆக ஒரு கிலோவாட் மணிக்குக் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். முழு பேட்டரியும் தீரும்வரை ஓட்டினால் 89 கிலோமீட்டர். விளம்பரத்தில் 120 என்று போட்டிருந்தால், நண்பர் ஏமாற்றப்பட்டார் என்று அர்த்தமில்லை. சான்றிதழுக்கான சோதனை, உருளைமேல் வண்டியை நிறுத்தி, ‘இந்திய ஓட்டுச் சுழற்சி’ என்ற வேக வரிசைப்படி ஓட்டி எடுக்கப்படுவது. அதில் உச்ச வேகமே மணிக்கு 42 கிலோமீட்டர்; சராசரி 22க்கும் சற்றுக் கீழே. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறும். 40இல் போகிறவரைவிட 60இல் போகிறவர் இரண்டேகால் மடங்கு எதிர்ப்பைத் தள்ள வேண்டும். பின்னால் ஆள், மேம்பால ஏற்றம், காற்று குறைந்த டயர் எல்லாம் இதன்மேல் சேரும். ஆகவே நண்பரின் 89 என்ற எண்ணை வாங்கப்போகிறவர் தன் பாதையோடும் வேகத்தோடும் வைத்துப் பார்க்க வேண்டும். நண்பர் மாட்டுத்தாவணி நெரிசலிலேயே ஓட்டுகிறவர், இவர் தினமும் ரிங் ரோட்டில் அறுபதில் போகப்போகிறவர் என்றால், இவருக்கு அந்த 89 கிடைக்காது.

அடுத்தது மின்சாரச் செலவு. பேட்டரிக்குள் போவதும் சுவரிலிருந்து எடுப்பதும் ஒன்றல்ல. சார்ஜரும் பேட்டரியும் சூடாவதில் ஒரு பகுதி வீணாகும். பத்திலிருந்து பதினைந்து சதவீத இழப்பு என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. பதினைந்து என்றே எடுத்துக்கொண்டால், 58 கிலோமீட்டருக்கு மீட்டரில் ஓடியது ஏறத்தாழ 2.3 யூனிட், அதாவது யூனிட்டுக்கு 25 கிலோமீட்டர். மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு, இரண்டு மாத பில்லில் கூடுவது 64 யூனிட். இது சரிதானா என்று பார்க்கத்தான் பழைய பில்லையும் புது பில்லையும் கேட்பது. அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. மார்ச் பில்லையும் ஜூன் பில்லையும் ஒப்பிட்டால் கூடியிருப்பது ஸ்கூட்டரின் யூனிட்டா, ஏசியின் யூனிட்டா என்று தெரியாது. போன வருஷத்து அதே மாதங்களோடுதான் ஒப்பிட வேண்டும். நண்பர் பாதி நாள் ஆபீஸில் சார்ஜ் போடுகிறார் என்றால், அவருடைய பில்லே வேறு கதை சொல்லும்.

இந்த 64 யூனிட்டுக்கு எத்தனை ரூபாய் என்பதில்தான், அதே வண்டி வைத்திருக்கும் இரண்டு பேரின் கணக்கு பிரிந்துபோகிறது. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலைக்குப் பிந்தைய கட்டணப்படி, மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு அடுத்த 100 யூனிட் ஏறத்தாழ 2.35 ரூபாய், 201இலிருந்து 400 வரை 4.70, அதற்குமேல் 500 வரை 6.30. மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால், அதிகப்படியான யூனிட்டுக்கு 8.40 என்று ஏறுவதோடு நிற்காது. இரண்டாவது நூறு யூனிட்டுக்குக் கிடைத்த சலுகையும் போய், அதுவும் 4.70 ஆகிவிடும். அதாவது 501ஆவது யூனிட் ஓடிய கணத்தில் பில்லில் 235 ரூபாய் தனியாக ஏறுகிறது.

நண்பர் வீட்டில் ஸ்கூட்டருக்கு முன்பு 260 யூனிட் ஓடியது. 64 சேர்ந்தால் 324. சேர்ந்தவை எல்லாமே 4.70 ரூபாய்ப் படியில் விழுகின்றன. இரண்டு மாதத்துக்கு 301 ரூபாய். கிலோமீட்டருக்கு 19 பைசா. வாங்கப்போகிறவர் வீட்டில் ஏசி உண்டு. ஏற்கெனவே 470 யூனிட் ஓடுகிறது. 64 சேர்ந்தால் 534. முதல் 30 யூனிட்டுக்கு 189 ரூபாய், மீதி 34க்கு 286 ரூபாய், சலுகை போனதில் 235 ரூபாய், மொத்தம் 710. கிலோமீட்டருக்கு 44 பைசா. வண்டி ஒன்று, ஓட்டும் தூரம் ஒன்று, ஊரும் ஒன்று. செலவு இரண்டு மடங்குக்கு மேல். “கரண்டுக்கு மாசம் நூத்தம்பதுதான்டா ஆகுது” என்று நண்பர் சொன்னது முழு உண்மை. அது அவர் வீட்டு உண்மை. அடுக்குமாடிக் குடியிருப்பில் பொது மீட்டரிலிருந்து சார்ஜ் போட வேண்டிவந்தால் கணக்கு மறுபடியும் மாறும். பொதுப் பயன்பாட்டு இணைப்புக்குத் தனிக் கட்டணம். அதில் இலவச யூனிட் கிடையாது.

இவ்வளவு வித்தியாசம் இருந்தும், 44 பைசா என்பது சிறிய தொகைதான். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு, பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலே கிலோமீட்டருக்கு 2.22 ரூபாய் ஆகும். எனவே மின்சார ஸ்கூட்டர் வாங்குகிறவர் கரண்ட் பில்லைப் பற்றி விடிய விடியக் கேட்பதில் பயன் குறைவு. பணம் போகும் வழி வேறிடத்தில் இருக்கிறது. நண்பர்கள் சொல்ல மறப்பதும் அந்தப் பகுதியைத்தான்.

மறப்பதற்குக் காரணம், அந்தச் செலவுகள் மாதாமாதம் வருவதில்லை. பின் டயர் பதினெட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றப்படும். டயர் மாற்றிய மாதத்தில் கேட்டால் “செலவு பிடுங்குது” என்பார். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் “ஒரு செலவும் இல்ல” என்பார். இதனால்தான் மாதத்தைக் கேட்காமல் ஒரு வருஷத்தைக் கேட்க வேண்டும். அதிலும் ஒவ்வொன்றும் எத்தனை கிலோமீட்டர் தாங்கியது என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

நண்பரின் பதில் இப்படி வந்ததாகக் கொள்வோம்: இரண்டு சர்வீஸுக்கு 1,400 ரூபாய், பிரேக் பேட் 450, இன்சூரன்ஸ் புதுப்பித்தது 1,800, ஆப் வசதிகளுக்கான ஆண்டுச் சந்தா 1,200. பின் டயர் 2,100. அது 18,000 கிலோமீட்டர் ஓடியது. ஆண்டுக்கு 9,600 கிலோமீட்டர் ஓட்டுகிறார். டயர் தவிர்த்த 4,850 ரூபாயை 9,600ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 51 பைசா. டயருக்கு 12 பைசா. ஆக 63 பைசா. இதோடு மின்சாரத்தைச் சேர்த்தால் நண்பருக்கு 82 பைசா. வாங்கப்போகிறவருக்கு ஒரு ரூபாய் ஏழு பைசா. இந்த இரண்டாவது எண்தான் அவர் தேடியது.

இந்தப் பட்டியலில் இரண்டு இனங்களை மட்டும் கவனமாகப் படிக்க வேண்டும். ஒன்று இன்சூரன்ஸ். 2018 செப்டம்பரிலிருந்து புதிய இருசக்கர வாகனத்துக்கு ஐந்து ஆண்டுக்கான மூன்றாம் நபர் காப்பீட்டை வாங்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஆகையால் நண்பர் இப்போது ஆண்டுதோறும் கட்டுவது சொந்த வண்டியின் சேதத்துக்கான பகுதிக்கு மட்டும். ஆறாவது ஆண்டில் மூன்றாம் நபர் காப்பீடும் சேர்ந்து தொகை கூடும். இரண்டாவது, ஆப் சந்தா. சில வண்டிகளில் வரைபட வழிகாட்டல், வண்டி இருக்குமிடம் அறிதல், மென்பொருள் மேம்பாடு ஆகியவை ஆரம்பக் காலத்துக்கு இலவசமாக இருந்து, பின்னர் கட்டணமாகும். முதல் ஆண்டிலேயே இருக்கும் நண்பருக்கு அது செலவாகவே தெரிந்திருக்காது.

பேட்டரியைப் பற்றி நண்பரிடம் கேட்டாலும் அவரால் சொல்ல முடியாது. அவருக்கு இன்னும் அந்த நாள் வரவில்லை. வாரன்டிப் புத்தகம்தான் இங்கே சாட்சி. அடிப்படை வாரன்டி மூன்று ஆண்டாகவும், கூடுதல் பணம் கட்டினால் எட்டு ஆண்டு அல்லது 80,000 கிலோமீட்டர் வரையிலும் தரும் திட்டங்கள் இருக்கின்றன. எது முதலில் வருகிறதோ அதோடு முடியும். பேட்டரியின் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் மாற்றித் தருவோம் என்ற நிபந்தனையும் வழக்கமானது. மாற்றும் செலவு 60,000 ரூபாய், ஆயுள் 80,000 கிலோமீட்டர் என்று ஒரு கணக்குக்கு வைத்தால், கிலோமீட்டருக்கு 75 பைசா. மேலே பார்த்த எல்லாச் செலவின் கூட்டுத்தொகைக்கும் கிட்டத்தட்ட இது ஒன்றே சமம். ஆனால் இதை முழுதாகச் சேர்க்க வேண்டுமா என்பது ஓட்டும் தூரத்தைப் பொறுத்தது. 89 கிலோமீட்டர் போன வண்டி, 70 சதவீதமான பிறகும் 62 கிலோமீட்டர் போகும். தினம் முப்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவர் அந்த நிலையிலும் பேட்டரியை மாற்றாமலே ஓட்டலாம். தினம் எழுபது ஓட்டுகிறவருக்கு அது முடியாது. அவர் இந்த 75 பைசாவைக் கணக்கில் எழுதித்தான் ஆக வேண்டும்.

எரிச்சல்களைக் கேட்பது செலவைக் கேட்பதைவிடக் கடினம். “ஏதாவது பிரச்சினை இருக்கா?” என்றால் “பெருசா ஒண்ணும் இல்ல” என்று வரும். அந்தப் ‘பெருசா’ என்ற சொல்லுக்குள் நிறைய அடங்கியிருக்கும். மனிதர்கள் எரிச்சலுக்குப் பழகிவிடுகிறார்கள். சைடு ஸ்டாண்ட் சென்சார் தகராறு செய்தால் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கிளம்பக் கற்றுக்கொண்டவர், அதைக் குறையாகவே நினைக்கமாட்டார். அதனால்தான் ‘கடைசியாக எப்போது’ என்று கேட்பது. ஒரு குறிப்பிட்ட நாளை நினைவுபடுத்தச் சொன்னால், அதோடு சேர்ந்து விவரமும் வந்துவிடும். வீட்டில் இன்னொருவரும் ஓட்டினால் அவர் சொல்வதைக் கேட்பது இன்னும் நல்லது. வண்டியைத் தேர்ந்தெடுத்தவர் அவரல்ல. அவருக்கு அதைத் தற்காத்துப் பேச வேண்டிய கட்டாயமில்லை. நண்பர் ஒரு வருஷமாகச் சொல்லாத குறையை அவர் மனைவி ஒரே மூச்சில் சொல்லிவிடுவது நடப்பதுதான்.

இந்த வகை வண்டிகளில் அடிக்கடி கேள்விப்படும் எரிச்சல்கள் சிலவற்றைத் தெரிந்து வைத்திருந்தால், நண்பரின் பதிலை எடைபோடலாம். நிறுத்தியே வைத்திருந்தாலும் சார்ஜ் இறங்குவது அவற்றில் ஒன்று. இணையத் தொடர்பும் அலாரமும் விழித்திருப்பதால் சில வண்டிகளில் நாளுக்கு ஒரு சதவீதம்வரை போகும். வெளியூர் போய் இரண்டு வாரம் கழித்து வருகிறவர் இதைக் கவனிப்பார். தினமும் ஓட்டுகிறவர் கவனிக்கவே மாட்டார். சில மாடல்களில் பெரிய பேட்டரியைத் தவிர, விளக்குக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் 12 வோல்ட்டில் ஒரு சிறு பேட்டரி உண்டு. அது செத்துவிட்டால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி விழிக்காது. “ஒருநாள் காலைல ஆன் ஆகல, அப்புறம் சரியாயிடுச்சு” என்று நண்பர் போகிறபோக்கில் சொன்னால், அது இதுவாக இருக்கலாம். என்ன மாற்றினார்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டிய இடம் அது.

பெல்ட்டில் ஓடும் வண்டிகளில் தூசியும் மழையும் சேர்ந்தால் கிறீச்சென்று சத்தம் வரும். பெல்ட்டின் இறுக்கத்தைச் சரிசெய்தால் அடங்கும். கோடை நடுவில் வெயிலில் ஓட்டிவந்த கையோடு சார்ஜ் போட்டால், பேட்டரி ஆறும்வரை சார்ஜர் மெதுவாக ஏற்றும், அல்லது ஏற்றவே செய்யாது. இவை கோளாறுகள் அல்ல; வண்டியின் இயல்புகள். நண்பர் இவற்றைப் பற்றிப் புலம்பினால், வேறு மாடலுக்குப் போனாலும் புலம்பல் தொடரும்.

இன்னொரு வகை எரிச்சல், வண்டியுடையது அல்ல, வீட்டுடையது. மாடி வீட்டுக்காரர் கீழே ஒயர் இழுக்க வேண்டும். பிளக் பாயின்ட்டுக்குச் சரியான எர்த் இல்லையென்றால் சில சார்ஜர்கள் வேலை செய்ய மறுக்கும். அப்போது ஆகும் எலக்ட்ரீஷியன் செலவு நண்பரின் பட்டியலில் இருக்காது. அவர் வீட்டில் பாயின்ட் முன்பே இருந்திருக்கும். அதனால் நண்பரின் குறைகளைப் படிக்கும்போது ஒவ்வொன்றையும், வண்டியோடு வந்ததா, அவர் இருக்கும் இடத்தால் வந்ததா என்று பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் வகை தன்னோடும் வரும். இரண்டாவது வகையில் தனக்கு எது பொருந்தும் என்று தன் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொள்ளலாம்.

செய்தியில் இருக்கும் கேள்விகளில் மிகக் கனமானது, சர்வீஸுக்கு விட்டால் எத்தனை நாளில் திரும்பி வருகிறது என்பது. மின்சார ஸ்கூட்டரின் பெரும்பாலான கோளாறுகளைத் தெருமுனை மெக்கானிக்கால் தொட முடியாது. கட்டுப்பாட்டுப் பெட்டியோ, சார்ஜரோ, டிஸ்பிளேயோ போனால், நிறுவனத்தின் மையத்துக்குத்தான் போக வேண்டும். உதிரிபாகம் வரும்வரை காத்திருக்க வேண்டும். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் மிச்சப்படுத்தும் வண்டி பன்னிரண்டு நாள் பட்டறையில் நின்றால், அந்தப் பன்னிரண்டு நாளும் முப்பது கிலோமீட்டருக்கு ஆட்டோவோ பைக் டாக்சியோ பிடித்த காசு பல மாத மிச்சத்தை விழுங்கிவிடும். இந்தக் கேள்விக்கு மட்டும், அதே ஊரில், அதே சர்வீஸ் மையத்துக்குப் போகிறவரின் பதில்தான் செல்லும். கோயம்புத்தூரில் இருக்கும் நண்பருக்கு மூன்று நாளில் கிடைத்தது மதுரைக்காரருக்கு ஆறுதல் ஆகாது.

பதில் எல்லாம் வந்த பிறகும் அது ஒரே ஒரு வண்டியின் கதைதான். அதனால் இதே செய்தியை இன்னொருவருக்கும் அனுப்பலாம். முடிந்தால் நண்பரைவிட இரண்டு மடங்கு தூரம் ஓட்டிய ஒருவருக்கு. பத்தாயிரம் கிலோமீட்டரில் தெரியாத டயர், பெல்ட், பேரிங் செலவுகள் இருபத்தைந்தாயிரத்தில் தெரிந்திருக்கும். உணவு டெலிவரி செய்கிறவர்களிடம் இப்படிப்பட்ட வண்டிகள் கிடைக்கும். அவர்கள் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணி வைத்திருப்பவர்கள். இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே குறையைச் சொன்னால், அது வண்டியின் குறை என்று எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் மட்டும் சொன்னால், ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்விகளின் பட்டியலில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.